வேலை முடிந்தது, எண் நகர்ந்ததா?

கூகுள் நிறுவனத்தின் குரோம் பிரௌசர் 2008 செப்டம்பரில் வெளிவந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அதன் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 2 கோடிப் பேர் குரோமைப் பயன்படுத்த வேண்டும் என்று குழு எழுதி வைத்திருந்தது. எட்டவில்லை. 2009-க்கு 5 கோடி என்று எழுதினார்கள். ஆண்டு முடிவில் 3.8 கோடியில் நின்றது. 2010-க்கு இலக்கை 11.1 கோடியாக உயர்த்தினார்கள், அந்த முறை எட்டிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எதை எண்ணினார்கள் என்பது. பிரௌசரை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று எண்ணவில்லை. கடந்த 7 நாட்களில் ஒரு தடவையாவது அதைத் திறந்து பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். ‘பிரௌசரைத் தயாரித்து வெளியிடுவது’ என்று மட்டும் இலக்கு எழுதியிருந்தால், 2008 செப்டம்பரிலேயே இனிப்பு கொடுத்துக் கலைந்திருக்கலாம். மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணியதால்தான் இரண்டு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த வேலைகள் ஒரே மாதிரியானவை அல்ல. பக்கங்கள் வேகமாகத் திறப்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைத் தொடர்ந்து கூர் தீட்டினார்கள். 2009 மே மாதம் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்தார்கள். அதே ஆண்டு சோனி வயோ மடிக்கணினிகளில் குரோமை முன்கூட்டியே பதித்து விற்க ஏற்பாடு செய்தார்கள். மேக், லினக்ஸ் கணினிகளுக்கான சோதனைப் பதிப்புகள் 2009 டிசம்பரில் வந்தன. பொறியியல், விளம்பரம், வியாபார ஒப்பந்தம் எல்லாம் கலந்த பட்டியல் இது. ஒவ்வொன்றும் ஒரு புராஜெக்ட். எதுவுமே இலக்கு அல்ல. ‘மக்கள் ஏன் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை?’ என்ற கேள்விக்குக் குழு கொடுத்துப் பார்த்த வெவ்வேறு பதில்கள் அவை.

எண் ஒரு பக்கம், அந்த எண்ணை நகர்த்தும் என்று நம்பி எடுக்கும் வேலை இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதும் முறைக்குத்தான் ஓ.கே.ஆர். என்று பெயர். ஓ என்பது குறிக்கோள்: எங்கே போக வேண்டும் என்று சாதாரண வார்த்தையில் ஒரு வரி. கே.ஆர். என்பது கீ ரிசல்ட்: அங்கே போய்விட்டோமா என்று காட்டும் இரண்டு மூன்று எண்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். சென்னை, கோவை ஐ.டி. அலுவலகங்களில் காலாண்டு தொடங்குகிறது என்றாலே காதில் விழும் பேச்சு இது.

இதன் வேர் பழையது. பீட்டர் டிரக்கர் 1954-ல் எழுதிய மேலாண்மை நூலில் இலக்கை வைத்து நிர்வகிக்கும் யோசனை இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதை மாற்றி, கூடவே அளக்கத்தக்க விளைவுகளையும் எழுத வைத்தார். அங்கே வேலை பார்த்து, பிறகு முதலீட்டாளரான ஜான் டோர், 1999-ல் கூகுளுக்கு எடுத்துப் போனார். அப்போது கூகுள் சில பத்துப் பேர் மட்டுமே இருந்த சிறிய கம்பெனி.

முறை எளிது. ஆனாலும் பல கம்பெனிகளில் அது முதல் நாளே கெட்டுப்போகிறது. கெட்டுப்போகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். காலாண்டு தொடங்குவதற்கு முன்பே குழுவின் கையில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருக்கும். மேலிடத்திலிருந்து ‘ஓ.கே.ஆர். எழுதிக் கொடுங்கள்’ என்று மின்னஞ்சல் வரும். பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு நல்ல குறிக்கோளை ஒட்டி, ‘புதிய செயலியை வெளியிடுதல்’, ‘டேஷ்போர்டு அமைத்தல்’, ‘சர்வரை மாற்றுதல்’ என்று கீ ரிசல்ட் வரிசையில் எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து எல்லா வரியும் பச்சையாக இருக்கும். வியாபாரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏன் என்று யாருக்கும் விளங்காது.

ஐந்து நாள் மாத்திரையும் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று நோயாளி சொன்னால், காய்ச்சல் இறங்கியதா என்றுதானே மருத்துவர் கேட்பார்? கீ ரிசல்ட் கேட்பதும் அதையேதான். ஒரு வரி கீ ரிசல்ட்டா, புராஜெக்ட்டா என்று சந்தேகம் வந்தால், இது முடிந்த பிறகு ஒரு ஆளும் இதைத் தொடவில்லை என்றால் அப்போதும் இந்த வரி பச்சையாகுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆகும் என்றால் அது புராஜெக்ட்.

இந்த விதியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, தேதி போட்ட எந்த வேலையும் கீ ரிசல்ட் ஆகாது என்று சாதிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் இன்டெல் நிறுவனத்தின் மூலப் பிரதியைப் பார்க்க வேண்டும். 1980-ல் மோட்டரோலாவின் 68000 சிப், இன்டெல்லின் 8086-ஐ விற்க விடாமல் செய்துகொண்டிருந்தது. அதை முறியடிக்க இன்டெல் ‘ஆபரேஷன் கிரஷ்’ என்ற பெயரில் ஒரு போரே தொடங்கியது. அப்போது எழுதிய ஓ.கே.ஆர்.களில் சிலவற்றை டோர் தன் 2018 நூலில் வெளியிட்டிருக்கிறார். பொறியியல் பிரிவின் குறிக்கோள், 8 மெகாஹெர்ட்ஸ் சிப்புகள் 500-ஐ மே 30-க்குள் கொடுப்பது. அதற்குக் கீழே இருக்கும் கீ ரிசல்ட்கள் இன்ன தேதிக்குள் மாஸ்க் போக வேண்டும், இன்ன தேதிக்குள் சோதனை டேப் முடிய வேண்டும் என்ற ரகம். அத்தனையும் வேலை, அத்தனையும் தேதி.

அங்கே அது சரியாகவே இருந்தது. மாஸ்க் போனால் சிப் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது வரும் என்பது மட்டுமே கேள்வி. அதே சமயம் கம்பெனி மட்டத்தில் வேறொரு எண் ஓடிக்கொண்டிருந்தது: ஓராண்டில் 2,000 வாடிக்கையாளர் நிறுவனங்களின் வடிவமைப்புகளில் 8086 குடும்பத்துச் சிப்பை நுழைத்துவிட வேண்டும். அதைத் தாண்டிச் சுமார் 2,500 கிடைத்தது. அவற்றுள் ஒன்று ஐ.பி.எம்., தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்காக. செய்தால் பலன் நிச்சயம் என்ற இடத்தில் வேலையையே கீ ரிசல்ட்டாக எழுதலாம். பலன் கிடைக்குமா என்பதே தெரியாத இடத்தில் எழுதினால் ஏமாந்துபோவோம். இன்றைய மென்பொருள் குழுக்களின் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை.

காலாண்டு இலக்கும் திட்டமிட்ட வேலையும் எப்படிக் கோத்துப் போகின்றன என்பதை ஒரு கற்பனைக் குழுவை வைத்து முழுதாகப் பார்த்துவிடலாம். இணையத்தில் குர்தி, சுரிதார் விற்கும் ஒரு கடை. காலம் 2022 ஜூலை முதல் செப்டம்பர் வரை. குழுவில் வேலை செய்யும் கைகள் ஆறு: டெவலப்பர்கள் நான்கு பேர், டிசைனர் ஒருவர், டெஸ்டர் ஒருவர். இவர்களோடு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் புராடக்ட் மேனேஜர் ஒருவர்.

கடையின் தலைவலி, திரும்பி வரும் துணி. முந்தைய மூன்று மாதத்தில் விற்ற 100 துணிகளில் 18 திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் கூரியர் செலவு போக வர இரண்டு முறை. வாடிக்கையாளர் சொன்ன காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், 18-ல் 11 ‘அளவு சரியில்லை’. நிறம் பிடிக்கவில்லை, கிழிந்திருந்தது என்பவை மீதி. குழு எழுதிய குறிக்கோள்: முதல் முறையே சரியான அளவு கைக்குப் போய்ச் சேர வேண்டும். கீ ரிசல்ட்: அளவு காரணமாகத் திரும்புவது 100-க்கு 11-லிருந்து 7 ஆகக் குறைய வேண்டும்.

இந்த வரியில் தொடங்கும் எண்ணும் இருக்கிறது, முடியும் எண்ணும் இருக்கிறது. பல குழுக்கள் ‘திரும்புவதை 40 சதவீதம் குறைத்தல்’ என்று எழுதிவிட்டு, எதிலிருந்து என்பதை விட்டுவிடுகிறார்கள். காலாண்டு முடிவில் எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பதிலேயே சண்டை வரும். இன்றைய எண் தெரியவில்லை என்றால் முதல் வேலை அதை அளப்பதுதான். இலக்கை அளந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, எண்ணை ஏமாற்ற முடியுமா என்று பார்ப்பது. திரும்ப அனுப்பும் பட்டனை நான்கு பக்கம் உள்ளே தள்ளி ஒளித்து வைத்தாலும் 11 என்பது 7 ஆகிவிடும். இது நையாண்டி அல்ல. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இத்தனை கணக்கு விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதனால் நம் துணிக்கடைக் குழு பக்கத்திலேயே ஒரு காவல் எண்ணையும் எழுதி வைக்கிறது: திருப்பி அனுப்ப முயன்று பாதியில் கைவிடுகிறவர்கள் அதிகரிக்கக் கூடாது.

இப்போது வேலைக்கு வருவோம். என்ன செய்தால் 11 குறையும்? இங்கேதான் பெரும்பாலான கூட்டங்களில் ஆளுக்கொரு யோசனை பறக்கும். நிறுவனத் தலைவருக்கு ஓர் ஆசை: கேமரா முன்னால் நின்றால் உடல் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும் வசதி. புராடக்ட் மேனேஜர் வேறொன்று செய்தார். திரும்பி வந்த துணிகளுக்கு வாடிக்கையாளர்கள் எழுதிய குறிப்புகளில் 200-ஐ எடுத்து உட்கார்ந்து படித்தார். ‘மார்பில் இறுக்கம்’, ‘எக்ஸ்.எல். என்று போட்டு எல் அனுப்பியிருக்கிறீர்கள்’ என்பது போன்ற புகார்கள் மூன்று பிராண்டுகளில் குவிந்திருந்தன. 11-ல் 5 அந்த மூன்றிலிருந்துதான். கிடங்கிலிருந்து துணியை எடுத்து டேப் வைத்து அளந்தால், இணையத்தில் போட்டிருந்த அளவு அட்டவணைக்கும் துணிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே முதல் புராஜெக்ட், அந்த மூன்று பிராண்டுகளின் துணிகளை அளந்து, அட்டவணையை மாற்றி, துணி படத்துக்குப் பக்கத்திலேயே காட்டுவது. இதற்கு 6 ஆள்-வாரம், அதாவது ஒருவர் ஆறு வாரம் செய்கிற அளவு வேலை. இரண்டாவது, வாடிக்கையாளர் முன்பு வாங்கி வைத்துக்கொண்ட துணியை வைத்து ‘உங்களுக்கு எல் சரியாக இருக்கும்’ என்று சொல்லும் வசதி. இரண்டு கட்டமாக, மொத்தம் 14 ஆள்-வாரம். தலைவரின் கேமரா வசதிக்கு 30 கேட்டார்கள்.

கையில் இருப்பது எவ்வளவு? ஆறு பேர், 13 வாரம், மொத்தம் 78 ஆள்-வாரம். விடுப்புக்கும் பண்டிகைக்கும் 8 போகும். ஏற்கெனவே ஓடும் தளத்தில் வரும் பழுதுகளுக்கு 20. கார்டு எண்ணைக் கடைகள் சேமித்து வைக்கக் கூடாது, டோக்கன் மட்டுமே வைக்கலாம் என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் அமலாகிறது. அந்த மாற்றத்துக்கு 10. மீதி 40. அதில் 12 வேறொரு குறிக்கோளுக்குக் கொடுத்தாயிற்று. திரும்பி வரும் துணிக்கென்று இருப்பது 28. கேமரா வசதியை எடுத்தால் மற்ற இரண்டையும் விட்டாலும் போதாது.

இந்தக் கணக்கைப் போடாமல் ஓ.கே.ஆர். எழுதும் குழுக்கள்தான் அதிகம். ஆறு பேரின் 13 வாரமும் புது வேலைக்கே கிடைக்கும் என்ற நினைப்பில் ஐந்து குறிக்கோள், பதினைந்து கீ ரிசல்ட் என்று எழுதுவார்கள். உண்மையில் கிடைப்பதோ பாதி. செப்டம்பரில் எல்லாமே பாதியில் நிற்கும்.

ரிசர்வ் வங்கி வேலையை ஓ.கே.ஆரில் சேர்க்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது செய்தே ஆக வேண்டியது. எந்த எண்ணையும் உயர்த்துவதற்காகச் செய்வதல்ல. அதற்கு ‘வாடிக்கையாளர் நம்பிக்கையை வளர்த்தல்’ என்று ஒரு குறிக்கோளைத் தேடிப் பிடித்து மாட்டுவது வெறும் ஒப்பனை. அது ஒரு புராஜெக்ட், தேதி இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், திட்டப் பட்டியலில் தனி வரியாக இருந்தால் போதும். பழுது பார்க்கும் 20 ஆள்-வாரமும் அப்படியே. குழு செய்கிற எல்லா வேலையும் ஓ.கே.ஆரில் தெரிய வேண்டும் என்று கேட்கும் மேலாளர், அதை வருகைப் பதிவேடாக்கி விடுகிறார்.

28-ல் முதல் புராஜெக்ட்டுக்கு 6, இரண்டாவதற்கு 14. மீதி 8-ஐக் குழு எதற்கும் ஒதுக்கவில்லை. இதைப் பார்த்து நிதிப் பிரிவு முகம் சுளித்தது. ஆனால் எந்த யோசனை பலிக்கும் என்று ஜூலை முதல் தேதியில் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டால், தெரிந்த பிறகு செய்வதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும்.

மூன்றாவது வாரம் முடிவில் புது அளவு அட்டவணை வெளியானது. பலன் தெரிந்ததா? உடனே தெரியாது. ஆர்டர் போய்ச் சேர நாலைந்து நாள், திருப்பி அனுப்ப 10 நாள் அவகாசம், கூரியர் கிடங்குக்கு வர மேலும் சில நாள். இன்று விற்ற துணி தங்கியதா திரும்பியதா என்று சொல்ல மூன்று வாரம் ஆகும். இந்தத் தாமதம் காலாண்டுத் திட்டத்தையே தீர்மானிக்கிறது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு வெளியாகும் எந்த மாற்றத்தின் பலனும் செப்டம்பர் 30-க்குள் எண்ணில் தெரியாது. ஆகவே எண்ணை நகர்த்தக்கூடிய வேலைகளை முன்னால் வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டு இலக்கு எட்டியதாகச் சொல்கிறவர்கள், பலனை அளக்காமலே சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஆடித் தள்ளுபடி. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு அளவில் ஒரே துணியை வாங்கி ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் எல்லா எண்ணும் மேலே போகும். அட்டவணை மாறாத மற்ற பிராண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றத்தின் பலன் எது, ஆடியின் கைங்கரியம் எது என்று பிரிக்க முடியும். அப்படிப் பிரித்துப் பார்த்ததில், ஏழாவது வாரத்தில் படம் தெளிந்தது. மூன்று பிராண்டுகளிலிருந்து வந்த 5, இப்போது 3. மொத்தம் 11 என்பது 9 ஆகியிருந்தது.

அன்றே கையிருப்பில் இருந்த 8 ஆள்-வாரத்தையும் எடுத்து, அடுத்து அதிகம் விற்கும் பிராண்டுகளை அளக்கும் வேலைக்குக் கொடுத்தார்கள். ஜூலை திட்டத்தில் இல்லாத வேலை இது. எண் சொன்னதால் வந்தது. எட்டாவது வாரம் முடிவில் அதுவும் வெளியாகிவிட்டது.

அதே ஏழாவது வாரத்தில் இரண்டாவது புராஜெக்ட்டின் முதல் கட்டமும், 8 ஆள்-வார வேலை, வெளியானது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் ‘உங்கள் அளவு இது’ என்ற பரிந்துரையைக் காட்டி, மீதிப் பாதிக்குக் காட்டாமல் விட்டார்கள். பத்தாவது வாரத்தில் இரு பாதியையும் ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. காரணம் தேடினார்கள். அந்தப் பிராண்டில் முன்பு ஒரு துணி வாங்கி வைத்துக்கொண்டவர்கள் 100-க்கு 20 பேர்தான். மீதி 80 பேருக்குப் பரிந்துரைக்க எதுவுமே இல்லை. தரவை ஒரு நாள் புரட்டியிருந்தால் ஜூன் மாதமே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஓ.கே.ஆர். உண்மையா, வேஷமா என்பது தெரிகிறது. டெவலப்பர் ஒருவர், “பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு சார், இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களே” என்றார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. உழைத்திருக்கிறார், இன்னும் 6 ஆள்-வாரம் செய்தால் முழுமையாகிவிடும். மேனேஜர், “முடிச்சா யாருக்கு அளவு சரியா வரும்?” என்று மட்டும் கேட்டார். புராஜெக்ட்டையே கீ ரிசல்ட்டாக எழுதியிருந்தால் இந்த உரையாடல் நடந்திருக்காது. முடிப்பதுதான் இலக்கு என்பதால் முடித்திருப்பார்கள். எண் தனியாக இருந்ததால் நிறுத்த முடிந்தது. மிச்சமான 6 ஆள்-வாரமும் மீதி பிராண்டுகளை அளக்கப் போனது. அதன் பலன் அடுத்த காலாண்டில்தான் தெரியும் என்பதைக் குறிப்பில் எழுதிவைத்தார்கள்.

காலாண்டு முடிவில், பத்தாவது வாரம்வரை விற்ற துணிகளைக் கணக்கில் எடுத்தால், அளவு காரணமாகத் திரும்பியது 100-க்கு 8.1. இலக்கு 7. குறைக்க நினைத்தது 4, குறைந்தது 2.9. கூகுள் பாணியில் 0 முதல் 1 வரை மதிப்பெண் போட்டால் ஏறக்குறைய 0.7. எட்டிப் பிடிக்கக் கடினமான இலக்கு என்று தெரிந்தே வைத்ததற்கு 0.6, 0.7 என்பதே நல்ல மதிப்பெண் என்பது கூகுள் நடைமுறை. கட்டாயம் செய்தாக வேண்டும் என்று வாக்குக் கொடுத்த இலக்கு வேறு வகை. அதற்கு 1 வராவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். எது எந்த வகை என்று ஜூலையிலேயே எழுதாமல் விட்டுவிட்டு, செப்டம்பரில் ‘அது ஆசை இலக்குதானே’ என்று நழுவுவதும் நடக்கிறது.

இதே காலாண்டைப் புராஜெக்ட் கணக்கில் பாருங்கள். திட்டமிட்ட இரண்டில் ஒன்று முடிந்தது, ஒன்று பாதியில் நின்றது. திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள். மேலாளர் பார்வையில் ஒழுங்கில்லாத குழு. இன்னொரு குழுவைக் கற்பனை செய்யுங்கள்: இரண்டையும் சொன்ன தேதியில் முடித்து, ஒவ்வொரு வாரமும் பச்சை காட்டி, கையிருப்பை எதிலும் போடாமல் 9-லேயே நின்றவர்கள். பாராட்டு யாருக்குப் போகும் என்பதை வைத்தே அந்தக் கம்பெனியில் ஓ.கே.ஆர். உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எண்ணை இலக்காக வைத்தால் குழுவின் கையில் இல்லாத பல விஷயங்களும் அந்த எண்ணை ஆட்டும். ஆடி வரும், போட்டிக் கடை தள்ளுபடி கொடுக்கும், ஒரு பிராண்டு தன் தையலகத்தையே மாற்றும். அதனால்தான் இந்த மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடு நேரடியாக முடிச்சுப் போடாதீர்கள் என்று டோர் வலியுறுத்துகிறார். முடிச்சுப் போட்டால், அடுத்த காலாண்டு எல்லாரும் 11-லிருந்து 10.5 என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நம்மூர் கம்பெனிகளில் இந்த அறிவுரை பெரும்பாலும் காற்றில் போகிறது என்பது என் எண்ணம். அப்ரைசல் படிவத்திலேயே ஓ.கே.ஆருக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எண்ணை வாரம்தோறும் பார்ப்பதும் புராஜெக்ட்டை வாரம்தோறும் பார்ப்பதும் வேறு வேறு கூட்டங்களாக இருப்பது நல்லது. புராஜெக்ட் கூட்டத்தில் யார் எங்கே சிக்கிக்கொண்டார், எது தள்ளிப்போகிறது என்பது பேச்சு. எண்ணின் கூட்டத்தில், நாம் நம்பியது நடக்கிறதா, இல்லையென்றால் எதை நிறுத்துவது என்பது பேச்சு. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் வைத்தால் முதல் பேச்சே முழு நேரத்தையும் விழுங்கிவிடும். காரணம், யாரோ ஒருவர் எப்போதும் எங்கேயாவது சிக்கிக்கொண்டுதான் இருப்பார். இரண்டாவது கூட்டத்துக்கு அரை மணி நேரம் போதும்.

உங்கள் குழுவின் இந்தக் காலாண்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘வெளியிடுதல்’, ‘அமைத்தல்’, ‘உதவுதல்’, ‘ஆய்வு செய்தல்’ என்று முடியும் வரிகளைத் திட்டப் பட்டியலுக்கு மாற்றுங்கள். எஞ்சிய வரிகள் ஒவ்வொன்றிலும் இன்றைய எண் என்ன, அந்த எண் மாறியதை எந்த வாரத்தில் பார்க்க முடியும் என்று எழுதுங்கள். எதுவுமே எஞ்சவில்லை என்றால், கூட்டத்தைத் திரும்பக் கூட்டுங்கள்.